கர்ப்பிணிக்கு எந்த மாத்திரை?

 

நம்முடைய மாலை வகுப்பில் இன்று எழுத்துப் பாடம் இல்லை. ஒரு பேச்சு மட்டும்தான். ஆனால் பேச்சின் நடுவில் கொஞ்சம் வாசிக்கவும் வேண்டும். அதனால் நான் கொண்டு வந்திருக்கும் காலி மாத்திரை அட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கே கோலார் தங்கவயலில் உங்கள் தெருவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையும், அதைப் பற்றி டாக்டரம்மாவிடமும் நர்ஸ் அக்காவிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்கிறேன்.

என் அண்ணி பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். விடியற்காலை ரயிலில் போய், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அப்போது அண்ணிக்கு ஐந்தாம் மாதம். ரயிலில் கூட்டம். கம்பெனியில் அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் அண்ணி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வந்த சிறிது நேரத்தில் மறுபடியும் போகவேண்டும் போல் இருக்கும். அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்து இரண்டு நாள் பார்லி தண்ணீர் குடித்தார். குறையவில்லை. புதன்கிழமை இரவு அழுதுவிட்டார்.

அன்று இரவு எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள்.

என் அண்ணன் மருந்துக் கடைக்கு ஓடினான். "நீர்க்கடுப்புக்கு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டான். யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை. ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு வந்தான்.

பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டிலிருந்து பாதி தீர்ந்த ஒரு அட்டையைக் கொண்டு வந்தார். "எனக்கு இப்படித்தான் இருந்தது. இதில் இரண்டே நாளில் சரியாகிவிட்டது" என்றார்.

என் அம்மா இரண்டையும் தள்ளி வைத்தார். "பிள்ளைத்தாய்ச்சி எந்த மாத்திரையும் சாப்பிடக் கூடாது. இளநீர் குடித்தால் போதும்" என்றார்.

மூன்று பேருமே அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதுதான் இன்றைய பேச்சு.

மாத்திரையே வேண்டாம் என்பது ஏன் தவறு?

முதலில் என் அம்மா சொன்னதைப் பார்ப்போம். நீர்க்கடுப்புக்கு சூடு மட்டும் காரணம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் கிருமி. நம் குடலில் வாழும் ஒரு கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிடுகிறது. அந்தக் கிருமியின் பெயர் ஈ.கோலை.

எல்லாப் பெண்களுக்கும் இது வரலாம். ஆனால் கர்ப்பிணிக்கு ஆபத்து அதிகம். நமக்கு இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இரண்டு குழாய்கள் சிறுநீர்ப் பைக்கு இறங்குகின்றன. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஊறும் சுரப்புகளால் அந்தக் குழாய்கள் தளர்ந்துவிடும. வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்தும். அதனால் சிறுநீர் ஓடாமல் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். பெருகிய கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டால் குளிர் காய்ச்சல் வரும். விலாவின் பின்பக்கம் வலிக்கும். வாந்தி வரும். தாயை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டிவரும். மாதம் முடியும் முன்பே வலி எடுத்துக் குறைப்பிரசவம் ஆகலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

எரிச்சலே இல்லாமலும் இந்தக் கிருமி இருக்கும். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி இருக்கும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கர்ப்பம் என்று பதிவு செய்யப் போனவுடன் சிறுநீரைச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இளநீரும் பார்லியும் குடிக்கலாம். நல்லதுதான். சிறுநீர் நன்றாக இறங்கும். ஆனால் பெருகிவிட்ட கிருமி அதனால் சாகாது. அதைக் கொல்ல மருந்து வேண்டும். அந்த மருந்துக்குப் பெயர் ஆன்டிபயாடிக். அதாவது கிருமிக்கொல்லி மருந்து.

ஆகவே கர்ப்பிணி மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்பதை விட, எந்த மாத்திரை என்று கேட்பதுதான் சரி.

பெயரின் வாலைப் பாருங்கள்

இப்போது கையில் இருக்கும் அட்டையைத் திருப்புங்கள். பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அது கம்பெனி வைத்த பெயர். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அதன் பக்கத்தில் அல்லது கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அதுதான் மருந்தின் சொந்தப் பெயர். எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தப் பெயர் மாறாது.

அட்டையில் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கும். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டால் வெட்கம் வேண்டாம். கடைக்காரரிடமோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமோ கொடுத்து, "சின்ன எழுத்தில் இருக்கிற பெயரை வாய்விட்டுப் படி" என்று சொல்லுங்கள். அந்தப் பெயர் எப்படி முடிகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெயரின் வால் அந்த மருந்து எந்தக் குடும்பம் என்று காட்டிக்கொடுக்கும்.

அட்டையில் ஒரு சிவப்புக் கோடு மேலிருந்து கீழாகப் போகிறதா? அந்தக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தை வாங்கக் கூடாது என்று அர்த்தம். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி நாடு முழுவதும் விளம்பரம் செய்தது. படிக்கத் தெரியாதவர்களும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அன்று இரவு நான் செய்ததும் இதுதான். இரண்டு அட்டைகளையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டிலும் சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அட்டையில் "டாக்ஸிசைக்ளின்" என்று இருந்தது. அண்ணன் வாங்கி வந்ததில் "நார்ஃப்ளாக்ஸசின்" என்று இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஷா அக்காவுக்குப் போன் செய்து இரண்டு பெயரையும் சொன்னேன். "இரண்டையும் கொடுக்காதே. காலையில் அண்ணியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா" என்றார்.

சைக்ளின் என்று முடிந்தால்

டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின். இவை ஒரே குடும்பம். பழைய குடும்பம்.

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1948-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் லெடர்லி என்ற கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டுக்காரர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்தவர்.

அது பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றுக் குழந்தைக்கு ஏறக்குறைய நான்காம் மாதத்தில் பால் பற்களில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. எலும்பும் வளர்கிறது. அந்த நேரத்தில் தாய் இந்த மருந்தைச் சாப்பிட்டால், அது குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியும். பிறகு முளைக்கும் பால் பற்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முளைக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.

என் அண்ணிக்கு ஐந்தாம் மாதம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு நாளில் குணம் கொடுத்த மாத்திரை, அண்ணி வயிற்றுப் பிள்ளையின் பல்லில் கறையை வைத்திருக்கக்கூடும். அந்த அக்கா மேல் குற்றம் இல்லை. அவர் கர்ப்பிணியாக இல்லாதபோது அதைச் சாப்பிட்டார்.

ஃப்ளாக்ஸசின் என்று முடிந்தால்

நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின். நீர்க்கடுப்பு என்றாலும், பேதி என்றாலும், பல கடைகளில் கை முதலில் போவது இந்த அட்டைக்குத்தான்.

இதை நாய்க்குட்டிகள் போன்ற இளம் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு கெட்டது. மனிதக் குழந்தைகளுக்கு அப்படி ஆகிறது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் இதைவிடப் பாதுகாப்பான மருந்து கையில் இருக்கும்போது, கர்ப்பிணிக்கு இதை ஏன் கொடுக்கவேண்டும்? அதனால் டாக்டர்கள் தவிர்க்கிறார்கள்.

சல்ஃபா மருந்து

இதற்கு வால் இல்லை. தலைதான். சல்ஃபா என்று தொடங்கும். சல்ஃபாமெத்தாக்ஸசோல் என்ற மருந்தும் ட்ரைமெத்தோப்ரிம் என்ற மருந்தும் சேர்ந்து ஒரே மாத்திரையாக வரும். இரண்டும் சேர்ந்ததற்குக் கோட்ரைமாக்ஸசோல் என்று பெயர். இதுவும் பழைய மருந்து. நம் வீடுகளில் பலரும் சாப்பிட்டிருப்போம்.

கர்ப்பம் என்று தெரிந்தவுடன் நமக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுக்கிறார்களே, எதற்கு? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதல் சில வாரங்களிலேயே உருவாகின்றன. அதற்கு அந்தச் சத்து வேண்டும். ட்ரைமெத்தோப்ரிம் அந்த ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போல் ஆகிவிடும். அதனால் முதல் மூன்று மாதம் இது வேண்டாம்.

பிரசவம் நெருங்கும்போதும் வேண்டாம். சல்ஃபா மருந்து தாயின் உடம்பிலிருந்து குழந்தைக்குப் போகும். பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வர அது காரணமாகலாம்.

ஒரு செய்தி சொல்கிறேன். ஃபோலிக் ஆசிட்டை ஆராய்ச்சிக் கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டியதும் அந்தச் சுப்பாராவின் குழுதான். கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டிய சத்தும், கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாத சைக்ளின் மருந்தும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தன. மருந்தில் நல்லது கெட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. யாருக்கு, எந்த மாதத்தில் என்று பார்க்க வேண்டும்.

மைசின் என்ற வால் ஏமாற்றும்

வாலை மட்டும் நம்பினால் ஒரு இடத்தில் ஏமாந்துபோவோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒரு ஊசி உண்டு. மிகவும் பழையது. சுரங்கம் ஓடிய காலத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் டி.பி. நோய்க்கு இந்த ஊசி பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். கர்ப்பிணிக்கு இதைப் போட்டால் குழந்தையின் காது நரம்பைக் கெடுக்கும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பிறந்திருக்கின்றன. அதனால் கர்ப்பிணிக்கு இது கூடாது.

ஆனால் அசித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற பெயர்களும் மைசின் என்றுதான் முடிகின்றன. அவை வேறு குடும்பம். தேவைப்பட்டால் டாக்டர்கள் கர்ப்பிணிக்கு அவற்றைக் கொடுப்பது உண்டு. ஆகவே மைசின் என்று கேட்டால் பயந்துவிடவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். முழுப் பெயரையும் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

இங்கே இன்னொன்று. டி.பி. நோய்க்கு மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பமானால், இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சாதாரண டி.பி.க்கு இப்போது அரசு கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்ட்ரெப்டோமைசின் இல்லை. மருந்தை நிறுத்தினால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பம் என்று அங்கே உடனே சொல்லுங்கள். அது போதும்.

எது கொடுக்கலாம்?

வேண்டாதவற்றைச் சொன்னேன். இனி வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

சில்லின் என்று முடியும் குடும்பம் ஒன்று. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின். 1940-களில் இருந்து உலகம் முழுவதும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகிய குடும்பம் இது. பழையது என்பதால் எல்லாம் கெட்டது இல்லை, பார்த்தீர்களா?

செஃப் என்று தொடங்கும் குடும்பம் இன்னொன்று. செஃபலெக்ஸின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன். இவற்றையும் கர்ப்பிணிக்குக் கொடுக்கிறார்கள். முன்பு எப்போதாவது பெனிசிலின் ஊசி போட்டோ, சில்லின் மாத்திரை சாப்பிட்டோ உடம்பு தடித்திருந்தால், முகம் வீங்கியிருந்தால், மூச்சு முட்டியிருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்போது அவர் மருந்தை மாற்றுவார்.

நீர்க்கடுப்புக்கு மட்டும் என்று ஒரு மருந்தும் உண்டு. நைட்ரோஃபுரான்டாயின். இது சிறுநீரில் போய்ச் சேர்ந்து அங்கேயே வேலை செய்யும். என் அண்ணிக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது இதைத்தான்.

ஆஸ்பத்திரியில் நடந்தது

வியாழக்கிழமை காலை அண்ணி லீவு போட்டார். தாயி கார்டையும் அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனோம்.

நர்ஸ் அக்கா முதலில் ஒரு சுத்தமான பாட்டில் கொடுத்தார். சிறுநீர் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். கையையும் அந்த இடத்தையும் தண்ணீரால் கழுவ வேண்டும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட வேண்டும். நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலின் உள்பக்கத்தையோ மூடியின் உள்பக்கத்தையோ தொடக் கூடாது. இப்படிச் செய்யாவிட்டால் வெளியில் இருக்கும் கிருமியும் உள்ளே விழுந்து சோதனை தப்பாகிவிடும்.

மருந்து சாப்பிடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும். அன்று இரவு அண்ணி எந்த மாத்திரையும் சாப்பிடாமல் இருந்தது இதற்கும் நல்லதாகப் போயிற்று.

டாக்டரம்மா காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். முதுகில் விலாவுக்குக் கீழே தட்டி, வலிக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. கிருமி இன்னும் சிறுநீர்ப் பையில்தான் இருக்கிறது, மேலே ஏறவில்லை என்றார். நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, 7 நாள் என்று எழுதினார். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும் என்றார். சிறுநீர் பழுப்பு நிறமாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் மறுநாள் காலை நாங்கள் ரத்தம் என்று நினைத்து அலறியிருப்போம்.

சனிக்கிழமை சோதனை ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை கிருமி இருப்பதாக எழுதியிருந்தது. அதன் கீழே மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு இங்கிலீஷ் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். ஆர் என்றால் சாகாது.

நான் படித்துக்கொண்டே வந்தேன். நைட்ரோஃபுரான்டாயினுக்கு எதிரே எஸ். சரிதான். சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு எதிரேயும் எஸ் என்று இருந்தது. அமாக்ஸிசிலினுக்கு எதிரே ஆர் என்று இருந்தது. எனக்குக் குழப்பமாகப் போயிற்று. கர்ப்பிணிக்கு நல்லது என்று சொன்ன மருந்துக்குக் கிருமி சாகாது. தவிர்க்க வேண்டும் என்று சொன்ன மருந்துக்குச் சாகும். இது என்ன கணக்கு என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

அவர் சொன்னார்: "அம்மா, இந்த ரிப்போர்ட்டுக்குக் கிருமியை மட்டும்தான் தெரியும். வயிற்றில் பிள்ளை இருப்பது அதற்குத் தெரியாது. நான் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். இந்த மருந்துக்குக் கிருமி சாகுமா? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால்தான் எழுதுவேன்."

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமே கடையில் போய் மருந்து வாங்கக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சில்லின் நல்ல குடும்பம் என்று இன்று கேட்டுவிட்டு, நாளைக்கு நாமே அதை வாங்கிச் சாப்பிட்டாலும் இதே தவறுதான். மருந்து பாதுகாப்பாக இருக்கும். ஆனால் கிருமி சாகாது. நாம் மருந்து சாப்பிடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே அது சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். நம் நாட்டில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிட்டும், பாதியில் நிறுத்தியும் பல கிருமிகள் பழைய மருந்துகளுக்குப் பழகிவிட்டன.

மூன்றாம் நாளே அண்ணிக்கு எரிச்சல் நின்றது. மீதி மாத்திரையை எடுத்து வைக்கலாம் என்று பார்த்தார். நான் விடவில்லை. 7 நாளும் சாப்பிட்டார். மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. எரிச்சல் நின்றுவிட்டதே, இன்னொரு சோதனை எதற்கு என்று அண்ணன் கேட்டான். எரிச்சல் இல்லாமலும் கிருமி இருக்கும் என்று முதலில் சொன்னேனே, அதற்காகத்தான்.

இந்த நல்ல மருந்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒன்பதாம் மாதத்தில் நைட்ரோஃபுரான்டாயின் கொடுக்க மாட்டார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் ரத்த அணுக்களை அது உடைத்து மஞ்சள் காமாலை உண்டாக்கலாம். அப்போது செஃப் குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். அண்ணி எட்டாம் மாதம் முடிந்த பிறகு தன் மிச்ச அட்டையைத் தானே எடுத்துச் சாப்பிட்டிருந்தால் அதுவும் தவறாகப் போயிருக்கும். ஒரே பெண், ஒரே நோய், ஒரே மாத்திரை. மாதம் மட்டும்தான் வேறு.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

போன வாரம் ஒரு தங்கை என்னிடம் தனியாகக் கேட்டாள். "கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்னால் டாக்ஸிசைக்ளின் நான்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டேன். கலைத்துவிட வேண்டுமா?" என்றாள். அவள் இரண்டு இரவு தூங்கவில்லை.

வேண்டாம். பல்லில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குவதற்கு முன்பே அவள் சாப்பிட்டிருக்கிறாள். அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இப்படி நடந்தால் மேற்கொண்டு சாப்பிடாமல், எந்த மாத்திரை, எத்தனை, எந்தத் தேதி என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். நாம் எழுதக் கற்றுக்கொண்டது இதற்கு உதவட்டும்.

சில பெரிய நோய்களில், வேறு வழி இல்லாதபோது, தவிர்க்க வேண்டிய மருந்தையே டாக்டர் யோசித்துக் கொடுப்பதும் உண்டு. அப்போது காரணத்தைக் கேளுங்கள். கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கடையிலும் ஆஸ்பத்திரியிலும் சொல்ல வேண்டியவை

மருந்து வாங்கப் போகும்போது வாயைத் திறந்து இவற்றைச் சொல்லுங்கள். வீட்டு ஆண்களை அனுப்பினால் அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

"இது கர்ப்பிணிக்கு. இத்தனையாவது மாதம்."

"முன்பு இந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை."

"சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்."

காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வந்தாலோ, விலாவின் பின்பக்கம் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு இறுகி இறுகி வலித்தாலோ, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக டாக்டர் சோதனை நடக்கிறது. 2016 முதல் நாடு முழுவதும் நடக்கும் திட்டம் இது. எரிச்சல் இல்லாவிட்டாலும் அன்று சிறுநீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. இப்போது பால் பல் நான்கு முளைத்திருக்கிறது. அரிசி போல் வெள்ளையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் பார்த்து, எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இனி ஒவ்வொருவராகக் கையில் இருக்கும் அட்டையின் பெயரைப் படியுங்கள். சைக்ளின் யாரிடம் இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.